அமீபா சீதபேதியும் கல்லீரல் சீழ்க்கட்டியும்

எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்னும் ஒற்றைச்செல் உயிரியால் வரும் நோய். நோயாளியின் மலத்தில் வெளியேறும் அதன் கூடுகள் குடிநீரையோ உணவையோ சேர்ந்து அடுத்தவர் வயிற்றை அடைகின்றன. குழாய்நீரில் கலக்கும் அளவு குளோரின் அவற்றைக் கொல்லாது. கொதிக்க வைத்தால் சாகும்.

குடலிலிருந்து கல்லீரலுக்குச் சென்றால் அங்கே சீழ்க்கட்டி உண்டாகும். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்து, விடுதியில் தங்கும் முப்பது வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழ் வலியும் உண்டு, பேதி இல்லை. மலப் பரிசோதனையிலும் கிருமி தென்படாது. மருத்துவர் ஏமாறுவது இங்கேதான்: கல்லீரல் கட்டி வந்தோரில் பலருக்கு அப்போது சீதபேதி இருப்பதில்லை. அல்ட்ராசவுண்ட் கட்டியைக் காட்டும். அமீபாவுக்கு எதிரான ரத்தப் பரிசோதனை காரணத்தை உறுதிசெய்யும். ஆண்களையே, அதிலும் மது அருந்துவோரையே, இக்கட்டி அதிகம் தாக்குகிறது.

1912இல் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் எமெட்டின் ஊசியால் அமீபா நோயைக் குணப்படுத்திக் காட்டினார். இன்று மெட்ரோனிடசோல் 750 அல்லது 800 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள். காய்ச்சல் சில நாளில் தணியும். தணியாவிட்டாலோ, கட்டி வெடிக்கும் அளவு பெரிதானாலோ ஊசியால் சீழை எடுப்பார்கள். அது செம்பழுப்பாக இருக்கும். குடலில் மிஞ்சும் கூடுகளை மெட்ரோனிடசோல் முழுதாக அழிக்காது. அதற்கு டைலாக்சனைடு தனியே 10 நாள் வேண்டும். இந்த இரண்டாம் மருந்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.