செயற்கைப் படக் கண்டறிவான்

செயற்கைப் படக் கண்டறிவான் என்பது, ஒரு படம் கேமராவில் எடுக்கப்பட்டதா, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதா என்பதை நிகழ்தகவாகக் கணிக்கும் மென்பொருள். உருவாக்கும் மாதிரிகள் பிக்சல்களில் விட்டுச்செல்லும் நுண்ணிய புள்ளியியல் தடங்களையே இது தேடுகிறது. பயிற்சியில் இடம்பெறாத புதிய மாதிரியின் தடம் இதற்குப் பிடிபடாமல் போகலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால் தெரிந்த தடமும் மங்கும். மெருகேற்றிய உண்மைப் படம் போலியெனக் காட்டப்படுவதும் உண்டு.

துல்லிய விகிதமும் ஏமாற்றக்கூடியது. 1,000 படங்களில் 20 மட்டுமே போலி என்றும், கருவி இரு வகையிலும் 90 விழுக்காடு சரி என்றும் கொள்வோம். அது 18 போலிகளைப் பிடிக்கும். 980 உண்மைப் படங்களில் 98-ஐயும் போலி என்னும். அதாவது, 'போலி' என்ற தீர்ப்புகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்றே சரி.

எனவே பிக்சலைவிடப் படம் கூறும் செய்தியைச் சோதிப்பதே பயன்தரும். 2023 மே 22 அன்று, அமெரிக்க இராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிவிபத்து எனப் பரவிய படத்தால் பங்குச்சந்தை சிறிது நேரம் சரிந்தது. கட்டடத்தின் முகப்பு பென்டகனுடன் பொருந்தவில்லை. வேலிக்கம்பிகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. மக்கள் நடமாட்டம் மிகுந்த அப்பகுதியிலிருந்து வேறு கோணத்தில் ஒரு படமும் வரவில்லை. ஆர்லிங்டன் தீயணைப்புத் துறை அன்றே செய்தியை மறுத்தது. இன்னொரு வகை ஏமாற்றில், பழைய உண்மைப் படம் புதிய தலைப்புடன் வருவதைத் தலைகீழ்ப் படத் தேடல் காட்டிவிடும். கண்டறிவான் அதை 'உண்மை' என்றே சொல்லும்.