குழந்தை முருகன் வேடத்தில் இருப்பது ஶ்ரீதேவிதானா? பழைய சினிமா ஸ்டில்லை அடையாளம் காண்பது எப்படி?

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். சிவன் வேடத்தில் ஜெமினி கணேசன், பக்கத்தில் பார்வதி, நடுவில் கிரீடம் வைத்த ஒரு குழந்தை. கீழே 'ஶ்ரீதேவியின் முதல் படம்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். இப்படி ஒரு படம் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். இதை நம்பலாமா?

இங்கே கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: இது எந்தப் படம்? அது எந்தக் கதாபாத்திரம்? நடித்தவர் யார்? முதல் கேள்விக்கு விடை கிடைத்ததுமே மற்ற இரண்டும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

எந்தப் படம் என்று எப்படித் தெரியும்?

பெரியவர்களின் முகத்தில் இருந்து தொடங்குங்கள். குழந்தையின் முகம் சில மாதங்களிலேயே மாறிவிடும். பிரபல நடிகர்களின் முகத்தை ஒப்பிட நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன.

ஆனால், ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. ஜெமினி கணேசன் குறைந்தது இரண்டு படங்களில் சிவனாக நடித்திருக்கிறார். ஒன்று, ஏ.பி. நாகராஜன் இயக்கி 1967-ல் வந்த 'கந்தன் கருணை'. இன்னொன்று, 1969-ல் வந்த மலையாளப் படமான 'குமார சம்பவம்'. திருவனந்தபுரம் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோவை நிறுவிய பி. சுப்பிரமணியம் தன் நீலா புரொடக்ஷன்ஸ் சார்பில் எடுத்த படம் அது. சிறந்த படத்துக்கான முதல் கேரள மாநில விருதைப் பெற்றதும் அதுதான்.

அப்போ எப்படிப் பிரிப்பது? பார்வதியைப் பாருங்கள். 'கந்தன் கருணை'யில் பார்வதி சாவித்திரி. 'குமார சம்பவ'த்தில் பத்மினி. சாவித்திரி மட்டும் தெரிந்தாலும் போதாது. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்திலும் அவர்தான் பார்வதி. அதில் சிவனாக வருபவர் சிவாஜி கணேசன். ஆகவே ஜெமினியும் சாவித்திரியும் என்றால் 'கந்தன் கருணை', ஜெமினியும் பத்மினியும் என்றால் 'குமார சம்பவம்', சிவாஜியும் சாவித்திரியும் என்றால் 'திருவிளையாடல்' என்று முதலில் பார்க்கலாம். ஒரு முகம் பல படங்களைக் காட்டும். இரண்டு முகங்கள் சேர்ந்தால்தான் பட்டியல் சுருங்கும்.

போஸ்டர் எவ்வளவு உதவும்?

படத்தின் பெயர், நிறுவனம், பெரிய நட்சத்திரங்கள் யார் என்பதற்கு போஸ்டர் உதவும். யார் எந்த வேடம் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. பழைய போஸ்டர்கள் பல, கையால் வரையப்பட்டவை. படத்தில் இல்லாத உடையும் காட்சியும் அவற்றில் வரலாம். மறுவெளியீட்டு போஸ்டரில் இன்னும் கவனம் தேவை. முதல் வெளியீட்டின்போது சின்னப் பாத்திரத்தில் நடித்தவர் பிறகு பெரிய நட்சத்திரமாகியிருந்தால், அவர் முகம் பெரிதாகிவிடும்.

மெரிலாண்ட் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நிறுவனத்தின் சின்னமே முருகன்தான். அதனால் அவர்களுடைய விளம்பரத்தில் முருகன் உருவம் இருப்பதை வைத்து, அது முருகன் கதை என்றோ அந்த வேடத்தில் நடித்தவர் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

டைட்டில் கார்டும் பாட்டுப் புத்தகமும்

படத்தின் தொடக்கத்தில் வரும் டைட்டில் கார்டில் நடிகர் பெயர்கள் வரிசையாக இருக்கும். பல படங்களில் வேடத்தின் பெயர் இருக்காது. அந்தப் பெயர் அந்தப் படத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அது உறுதி செய்யும். பெயருக்கு முன்னால் உள்ள ஒட்டையும் பாருங்கள். சிறுமி என்றால் 'பேபி', சிறுவன் என்றால் 'மாஸ்டர்' என்று போடுவது வழக்கம். முருகன் ஆண் தெய்வம் என்பதால் நடித்ததும் பையன் என்று நினைத்து 'மாஸ்டர்' பெயர்களை மட்டும் தேடினால், ஶ்ரீதேவியைத் தவறவிடுவீர்கள்.

வேடத்தையும் நடிகரையும் நேருக்கு நேர் சேர்த்துக் காட்டும் பழைய ஆவணம், அந்தக் காலத்தில் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கத்தோடு நடிகர் பட்டியலும் அதில் இருப்பதுண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள்: மலையாளப் பட்டியலில் 'முருகன்' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். 'குமார சம்பவ'த்தில் ஶ்ரீதேவியின் வேடம் 'சுப்ரமணியன்' என்றுதான் குறிக்கப்படுகிறது.

வயதுக் கணக்கு போடுங்கள்

சரி, 'முதல் படம்' என்ற பகுதி உண்மையா? ஶ்ரீதேவியின் அறிமுகமாகச் சில பட்டியல்கள் 'கந்தன் கருணை'யைச் சொல்கின்றன. வேறு சில, சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த 'துணைவன்' படத்தைச் சொல்கின்றன. 2018-ல் ஶ்ரீதேவி மறைந்தபோது வெளியான பல செய்திகளில் '4 வயதில் அறிமுகம்' என்று இருந்தது.

அவர் பிறந்தது 1963 ஆகஸ்ட் 13. 'கந்தன் கருணை' வெளியானது 1967 ஜனவரி 14. அன்று அவருக்கு மூன்றரை வயதுகூட சரியாக நிறையவில்லை. படப்பிடிப்பு அதற்கும் முன்பு. எனவே '4 வயதில் கந்தன் கருணை' என்ற வாக்கியம் கணக்கிலேயே இடிக்கிறது. 'துணைவன்' வெளியானது 1969 ஜூலை 4. அப்போது அவருக்கு ஆறு வயது நிறைய ஒரு மாதத்துக்கும் சற்று அதிகமாக இருந்தது.

இதனால் 'கந்தன் கருணை'யில் அவர் நடிக்கவே இல்லை என்று நிரூபணமாகிவிடாது. மூன்று வயதுக் குழந்தையும் கேமரா முன் நிற்கலாம். ஆனால் அந்த ஸ்டில்லில் இருப்பது சாவித்திரி என்றால், படம் எது, வேடம் எது என்பது வரைதான் உறுதி. குழந்தையின் பெயருக்கு அந்தப் படத்தின் டைட்டிலையோ பாட்டுப் புத்தகத்தையோ பார்க்க வேண்டும். அதுவரை 'குழந்தை முருகன், கந்தன் கருணை, 1967' என்று எழுதி நிறுத்துவதே சரி. பத்மினி என்றால் கதை வேறு. படம் 'குமார சம்பவம்', வேடம் சுப்ரமணியன், நடித்தவர் ஶ்ரீதேவி. மூன்று விடையும் கிடைக்கிறது. ஆனால் 'முதல் படம்' என்ற தலைப்பு அடிபடும், ஏனென்றால் 'துணைவன்' அதே ஆண்டில் வந்த படம்.

கடைசியாகப் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள்

பிரதி கிடைத்தால், அந்தக் காட்சியைத் தேடி கிரீடம், நகை, பின்னணி அரங்கு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். அச்சு அசலாக அதே ஃபிரேம் கிடைக்காது. ஸ்டில்லை எடுத்தவர் வேறொரு கேமராவில், சற்றுத் தள்ளி நின்று எடுத்திருப்பார். வண்ணப் படத்துக்கும் கறுப்பு வெள்ளை ஸ்டில் எடுத்த காலம் அது; நிறத்தை வைத்து ஒரு படத்தை விலக்கிவிடாதீர்கள்.

பிரதியே இல்லை என்றால்?

அதற்கும் உதாரணம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஜே.சி. டேனியல் இங்கே எடுத்து, கேபிடல் தியேட்டரில் திரையிட்ட மௌனப் படம் 'விகதகுமாரன்'. அதன் பிரதி இன்று இல்லை. அது வெளியானது 1928-லா 1930-லா என்பதில்கூட இரண்டு கருத்து உண்டு. நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் தாக்கப்பட்டு ஊரைவிட்டே போக நேர்ந்த தலித் நடிகை பி.கே. ரோஸி, அதில் சரோஜினியாக நடித்தார் என்பதை நடிகர் பட்டியல் சொல்கிறது. ஆனால் அவருடையது என்று ஒரு புகைப்படம் வந்தால், பக்கத்தில் வைத்து ஒப்பிட ஓடும் படம் கிடையாது. பட்டியல் பெயரைத்தான் தரும், முகத்தைத் தராது. அந்தப் புகைப்படம் யாரிடம் இருந்து, எப்படி வந்தது என்பதை வைத்துத்தான் அதை எடைபோட முடியும்.