அவசரம் எங்கே கசிகிறது: ஒரு படமும் ஒரு கைப்பிரதியும்

விட்டோரியோ டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில், தொலைந்த சைக்கிளைத் தேடிக்கொண்டிருக்கும் அப்பாவும் மகனும் நடுவே ஓர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதற்கு முன்பு மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். தேடல் அப்படியே நின்றுபோகிறது. ஆனால் பார்க்கிற நமக்குத் தவிப்பு குறைவதில்லை. அண்மையில் நான் படித்த ஒரு நாவல் கைப்பிரதியில் நேர்மாறு. கதாநாயகன் ஓடிக்கொண்டே இருக்கிறான். படிக்கிற நமக்கு ஒரு பதற்றமும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கைப்பிரதியின் கோளாறு பிடிபட்டது.

கைப்பிரதியின் கதை இது (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). சென்னையில் வங்கி வேலையில் இருப்பவன், சித்தப்பாவின் கைக்குப் போய்விட்ட பூர்வீக வீட்டை மீட்க நினைக்கிறான். ஊருக்குப் போகிறான், பேசுகிறான், அவமானப்படுகிறான், திரும்புகிறான். மறுபடி போகிறான். முன்பு படித்தவர்கள் ‘விறுவிறுப்பு இல்லை’ என்றிருக்கிறார்கள். உடனே ஆசிரியர், வீடு முப்பது நாளில் ஏலத்துக்கு வருவதாக ஒரு அத்தியாயம் சேர்த்துவிட்டார். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது என்பவையும் கூடிவிட்டன. பலனில்லை. தேதி என்பது வெறும் தேதிதானே. அது கடந்துபோனால் இவனுக்கு என்ன ஆகும் என்று தெரியாதவரை, நாள்காட்டியைக் கிழிப்பதால் ஒன்றும் நடக்காது.

டி சிகா என்ன செய்கிறார்? போருக்குப் பிந்தைய ரோம். சுவரொட்டி ஒட்டும் வேலை அப்பா அந்தோனியோவுக்குக் கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில். ‘என்னிடம் சைக்கிள் இருக்கிறது’ என்று கூட்டத்திலிருந்து வேறு ஆட்கள் கத்துகிறார்கள். அவன் விட்டால் அந்த வேலையைப் பிடித்துக்கொள்ள ஆள் தயார். மனைவி மரியா படுக்கை விரிப்புகளை உருவி அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறாள். கடை ஊழியன் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு, கூரை வரை மூட்டைகள் அடுக்கிய அலமாரிகளில் ஏறி மேலே வைக்கிறான். இவ்வளவும் நடந்த பிறகுதான், வேலைக்குப் போன முதல் நாளே, சைக்கிள் திருடு போகிறது. இழப்பின் விலை என்ன என்பது இழப்பதற்கு முன்பே நமக்குத் தெரியும். அதனால்தான் உணவகத்தில் அவர்கள் உட்காரும்போதும் நமக்கு நிம்மதி வருவதில்லை. அங்கேதான், வேலை நிலைத்திருந்தால் மாதம் எவ்வளவு வந்திருக்கும் என்று சிறுவனைக் கணக்குப் போடச் சொல்கிறான் அப்பா. ஓய்வாகத் தோன்றும் காட்சியிலேயே இழப்பு தொகையாக எழுதப்படுகிறது.

கைப்பிரதியைச் சோதிக்க நான் செய்தது எளிய வேலை. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும், ‘இந்த முயற்சி தோற்றதால் நேற்று இருந்த எது இன்று இல்லை?’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவந்தேன். ஏறக்குறைய எல்லா அத்தியாயங்களிலும் பதிலுக்கான இடம் காலியாகவே இருந்தது. தோற்ற ஒவ்வொரு தடவையும் அவன் அதே சென்னைக்கு, அதே சம்பளத்துக்குத் திரும்புகிறான். படத்துக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சந்தையில் சைக்கிளைத் தேடும்போது, அது உதிரிப் பாகங்களாகப் பிரிந்திருக்கலாம் என்ற பயம் வருகிறது. துப்புக் கொடுக்கக்கூடிய கிழவர் நழுவிப்போகிறார். ஆத்திரத்தில் அந்தோனியோ மகனை அறைந்துவிடுகிறான். அதோடு மகனின் நம்பிக்கையும் விரிசல் காண்கிறது. கடைசியில் அவனே திருடத் துணியும்போது, கைவசம் வேறு வழி எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை.

கைப்பிரதியில் பணயமே இல்லை என்று முடிவு கட்டப்போனேன். 170ஆம் பக்கத்தில் ஒரு வரி தடுத்தது. அந்த வீட்டின் பின்கட்டு அறையில் அவனுடைய அம்மா சித்தப்பாவுக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கிறாள். அதோடு, கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே இவன்தான். இப்படிப்பட்ட கைப்பிரதிகளில் இது அடிக்கடி நடப்பதுதான்: வாசகரை உலுக்கப் பயன்படும் என்று நினைத்து, கதையின் உயிரையே ரகசியமாகப் பொத்தி வைத்துவிடுவார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அம்மாவின் வாடகையை இரண்டாம் அத்தியாயத்துக்கு நகர்த்தினால் போதும். கையெழுத்து விஷயம் வேண்டுமானால் பின்னால் வரட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டியதால்தான் முதல் பாதி காய்ந்துகிடக்கிறது.

நினைப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவனைப் பற்றிய நாவல்களும் உண்டு. அவற்றில் அவசரம் தேடுவது தப்பு. ஆனால் இந்த ஆசிரியர் முதல் பக்கத்திலேயே ‘வீட்டை மீட்பேன்’ என்று அவனைச் சபதம் போட வைத்திருக்கிறார்.

வாடகையை முன்னே கொண்டுவந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். மாதச் சம்பளக்காரன் அம்மாவைச் சென்னைக்கே அழைத்துக்கொள்ளலாமே என்று வாசகர் கேட்பார். அந்தக் கதவு ஏன் மூடியிருக்கிறது என்பதற்கு ஆசிரியர்தான் பதில் எழுத வேண்டும். அம்மா வர மறுக்கிறாளா, இவன் கூப்பிடவே இல்லையா? கூப்பிடவில்லை என்றால், அந்தக் கையெழுத்துதான் காரணமாக இருக்க முடியும்.