கோள்களின் கணக்கில் முளைத்த குறுக்குவழி

A என்ற அணியின் ஐகன் மதிப்புகள் தெரிந்துவிட்டால், A² + 2A + I என்ற அணியைப் பெருக்கிக் கூட்டிப் பார்க்காமலே அதன் ஐகன் மதிப்புகளைச் சொல்லிவிடலாம். λ இருந்த இடத்தில் λ² + 2λ + 1 வரும். இன்று இது தேர்வில் சில மதிப்பெண் பெற்றுத்தரும் கேள்வி. இதன் வேரோ வானியலில் இருக்கிறது.

கோள்களின் பாதைகள் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மாறுவதை லக்ராஞ்சும் லாப்லாசும் கணக்கிட்டபோது ஒரு சமன்பாடு எழுந்தது. அதன் மூலங்கள் மெய்யெண்களாக இருந்தால்தான் அந்த மாற்றம் ஒரு வரம்புக்குள் ஊசலாடும். இன்றைய மொழியில் அந்த மூலங்கள் ஓர் அணியின் ஐகன் மதிப்புகள்; சமச்சீர் அணிக்கு அவை மெய்யெண்களே என்று கோஷி 1829இல் நிறுவினார். 1852இல் சில்வஸ்டர் அதற்கு இன்னொரு வழி கண்டார். இன்றைய குறியீட்டில் அது இப்படி இருக்கும்:

det(A − λI) · det(A + λI) = det(A² − λ²I)

A²இன் ஐகன் மதிப்புகள் λ²கள்தான் என்பது இதிலேயே வந்துவிடுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது கோள் கணக்குக்கான நிறுவல். நமக்குக் கிடைத்தது, அணிக்கோவைகளைப் பெருக்கிக் காரணிப்படுத்தும் உத்தி. கேய்லி 1858இல் அணிகளைக் கூட்டவும் பெருக்கவும் ஒரு இயற்கணிதம் அமைத்தார். பிறகு ஃப்ரோபீனியஸ் 1878இலும், சில்வஸ்டரே 1883இலும் A² பற்றிய இந்த முடிவைப் பொதுவாக்கினார்கள்.

இதன் நிறுவலில் ஒரு பக்கம் எளிது. Av = λv என்றால் A²v = λ²v, ஆகவே (A² + 2A + I)v = (λ² + 2λ + 1)v. புதிதாக வேறு மதிப்பு ஏதும் முளைக்காதா என்பதுதான் உண்மையான கேள்வி. μ ஒரு புதிய மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். x² + 2x + 1 − μ என்பதை (x − r)(x − s) என்று பிரித்தால்,

det(A − rI) · det(A − sI) = 0

ஆகிறது. ஏதோ ஒரு காரணி பூச்சியமாக வேண்டும். அப்படியானால் r அல்லது s ஏற்கெனவே Aஇன் ஐகன் மதிப்பு. ஆகவே μவும் பழைய மதிப்பிலிருந்தே வந்தது.

A = [[1, 2], [3, 2]] என்று எடுங்கள். ஐகன் மதிப்புகள் 4, −1. சூத்திரப்படி 25உம் 0உம் வர வேண்டும். நேராகப் பெருக்கிக் கூட்டினால் [[10, 10], [15, 15]]. மூலைவிட்டக் கூட்டல் 25, அணிக்கோவை 0. சரியாக இருக்கிறது. சிலர் I இருக்கவேண்டிய இடத்தில் எல்லா உறுப்புகளோடும் 1ஐக் கூட்டிவிடுவார்கள். அப்போது [[10, 11], [16, 15]] வரும், அணிக்கோவை −26 ஆகும். தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

r, s மெய்யெண்களாகவே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 90° சுழற்றும் [[0, −1], [1, 0]] என்ற அணிக்கு மெய்யான ஐகன் மதிப்பே கிடையாது; ஆனால் அதன் வர்க்கம் −I, அதற்கு −1 உண்டு. மெய்யெண்களோடு நின்றுவிட்டால் அந்த −1க்கு மூலம் இல்லாமல் போகும். கலப்பெண்களை அனுமதித்தால் அது i, −i இரண்டின் வர்க்கமாக வந்து சேர்கிறது.