எடுக்காத கடனுக்குத் தவணை கேட்டு அழைப்பு வந்தால்

"தம்பி, இருபதாயிரம் ரூபா கட்ட வேணுமாம். நான் ஒருத்தரிட்டயும் கடன் எடுக்கேல்லை."

கிளிநொச்சியிலிருந்து என் பெரியம்மா இப்படிச் சொன்னபோது, அவருடைய கூகுள் கணக்கு களவுபோய் ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்ப்பதாகச் சொன்ன ஒருவருக்கு, கைத்தொலைபேசிக்கு வந்த இலக்கத்தை அவர் வாசித்துக் கொடுத்திருந்தார். கணக்கை மீட்டுக் கடவுச்சொல்லை மாற்றியதும் அலுவல் முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

முடியவில்லை. வீட்டுத்திட்டம், நட்டஈடு, நிவாரணம் என ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிய பழக்கம் நம் சனத்துக்கு உண்டு. பெரியம்மாவின் அந்தப் படங்களெல்லாம் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. இணையவழியில் கடன் கொடுக்கும் சில நிறுவனங்களுக்கு அந்தப் படங்களே போதும்.

முதலில் கேட்க வேண்டியது

வாயை மூட ஒரு தவணை கட்டிவிடலாம் என்று பெரியம்மா நினைத்தார். நான் தடுத்தேன். ஒரு தவணை கட்டினாலே கடனை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் சொல்லலாம். பதிலாக, மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டோம். விண்ணப்பம் எந்தத் திகதியில் வந்தது? எந்தத் தொலைபேசி இலக்கத்திலிருந்து வந்தது? பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பணம் போன கணக்கு பெரியம்மாவுடையதல்ல என்பது அந்தப் பதிலில் தெரிந்தது.

அடுத்து பொலிஸ் நிலையம். முறைப்பாட்டைத் தமிழில் பதியுமாறு கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போகும் ஒவ்வோர் இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

'கிறிப்' அறிக்கையில் எதைப் பார்ப்பது

வங்கிகளும் அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களும் கொடுக்கும் கடன்கள் இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவாகின்றன. 'கிறிப்' என்று நாம் சொல்வது இதைத்தான். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கட்டணம் செலுத்திப் பெறலாம். விண்ணப்பத்தில் அடையாள அட்டையின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதுங்கள். 857341234V என்ற பழைய எண், 198573401234 என்று 12 இலக்கமாக மாறும்.

அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் கடன் பட்டியலை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் பிணையாளியாகக் காட்டப்பட்டுள்ள கடன்களையும் பாருங்கள். அதன்பின், எந்த நிறுவனம் எப்போது உங்கள் விபரத்தைத் தேடியது என்ற பகுதியைப் பாருங்கள். கடன் பதிவாகச் சில வாரங்கள் எடுக்கலாம். தேடல் அதற்கு முன்பே தெரிந்துவிடும். பெரியம்மா ஒருபோதும் படியேறாத ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தது. உடனே அழைத்தோம். அவர் பெயரில் வந்த விண்ணப்பம் இன்னும் அனுமதிக்கப்படவில்லை. இரண்டாவது கடன் அங்கேயே நின்றது.

பிழையான பதிவு இருந்தால் பணியகம் அதைத் தானாக அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனமே திருத்த வேண்டும். ஆகவே ஆட்சேபக் கடிதத்தை இரு இடங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அறிக்கையில் வராதவை

பெரியம்மாவை அழைத்த இணையவழி நிறுவனத்தின் கடன் அந்த அறிக்கையில் இல்லை. அப்படிப்பட்ட பல நிறுவனங்கள் பணியகத்துக்கு விபரம் கொடுப்பதில்லை. சேமிப்புக் கணக்குகளும் அதில் வராது. ஆனால் உங்கள் பெயரில் திறந்த கணக்குக்கு வேறொருவரை ஏமாற்றிய பணம் வந்தால், விசாரணைக்கு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்போது முன்பே பதிந்த முறைப்பாடுதான் துணை. ஆகவே அடையாள அட்டையுடன் உங்கள் வங்கிக்குப் போய், உங்கள் பெயரில் எத்தனை கணக்குகள் உள்ளன என்று கேளுங்கள். தொலைபேசி நிறுவனங்களில் எத்தனை சிம் உள்ளன என்றும் கேளுங்கள்.

யாருக்கு அறிவிப்பது

வங்கியோ அனுமதி பெற்ற நிதி நிறுவனமோ என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மத்திய வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் வராத நிறுவனம் என்றால் பொலிஸும், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவும்தான் வழி. களவுபோன கணக்கை மீட்க முடியாவிட்டால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம் இருக்கிறது.

கடிதமும் முறைப்பாட்டுப் பிரதியும் போனபின் பெரியம்மாவுக்கு அந்த அழைப்புகள் நின்றன. ஆனாலும் மூன்று மாதம் கழித்து இரண்டாவது அறிக்கை எடுத்தோம். அதில் புதிதாக எதுவும் இல்லை. இரண்டு அறிக்கைகளையும் பொலிஸ் பிரதியையும், காணி உறுதியும் மரணச் சான்றிதழும் இருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் அவர் வைத்திருக்கிறார்.