குரல் ஒன்று, தொனி பல: ஒரு வழிகாட்டி ஏட்டின் வரலாறு

1966-இல் அமுல் வெண்ணெயின் விளம்பரப் பொறுப்பு பம்பாயின் ஏ.எஸ்.பி. நிறுவனத்திடம் வந்தது. அங்கிருந்த சில்வெஸ்டர் டகூனாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் புள்ளிக் கவுன் அணிந்த ஒரு சிறுமியைப் படைத்தனர். நாட்டு நடப்பை ஒரு சிலேடையால் சீண்டிவிட்டுப் போகும் அவளுடைய பேச்சு, அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அடையாளம் மாறாமல் ஒலிக்கிறது. விளம்பரங்களை முன் ஒப்புதலின்றி வெளியிடும் உரிமையை வர்கீஸ் குரியன் அவர்களுக்கு அளித்திருந்தார். பின்னர் அப்பொறுப்பு தந்தையிடமிருந்து மகன் ராகுல் டகூனாவிடம் சென்றது. குரல் சிதையாமல் நின்றதற்கு விதிநூல் காரணமன்று. எழுதும் கைகள் மிகச் சிலவாகவே இருந்தன என்பதுதான் காரணம்.

எழுதும் கைகள் பெருகும்போது இந்த ஏற்பாடு செல்லாது. ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தை ஒரு முகமை எழுதுகிறது; செயலியின் பிழைச் செய்திகளைப் பொறியாளர்கள் எழுதுகிறார்கள்; புகார்களுக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு பதில் எழுதுகிறது; விதிமுறைகளை வழக்கறிஞர்கள் எழுதுகிறார்கள். வாடிக்கையாளருக்கோ இவை அனைத்தும் ஒரே வாயிலிருந்து வரும் சொற்கள். பிராண்டின் குரலுக்கு வழிகாட்டி ஏடு எழுதும் பழக்கம் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது. அவ்வகை ஏடுகளுள் பின்வந்தோர் பலரும் முன்மாதிரியாகக் கொண்டது, 2001-இல் அட்லாண்டாவில் தொடங்கப்பட்ட மெயில்சிம்ப் நிறுவனத்தின் ஏடு.

மெயில்சிம்ப், மின்னஞ்சல் மடல்களை மொத்தமாக அனுப்ப உதவும் சேவை. ஃப்ரெடி என்னும் சிம்பன்சியே அதன் சின்னம். அக்காலத்தில் திரையின் மேல் நின்று ஃப்ரெடி நகைச்சுவை சொன்னது. மடல் அனுப்பி முடித்தவரைப் பாராட்டியது. இந்த வேடிக்கையே நிறுவனத்தின் அடையாளமாக இருந்தது, ஆபத்தும் அங்கேதான் இருந்தது. மடல் அனுப்பி மகிழ்பவரிடம் எடுபடும் அதே நகைச்சுவை, கணக்கு முடக்கப்பட்டு வணிகம் நின்றுபோனவரிடம் அவமதிப்பாகிவிடும்.

2010-களின் தொடக்கத்தில் அங்கு உள்ளடக்கப் பணியில் இருந்த கேட் கீஃபர் லீ, குரலையும் தொனியையும் வேறுபடுத்தி ஒரு வழிகாட்டியை உருவாக்கினார். குரல் என்பது ஆளின் இயல்பு, அது மாறாது. தொனி என்பது கேட்பவரின் மனநிலைக்கேற்ப மாறுவது. பொதுவாக இத்தகைய ஏடுகள் ‘நட்பானது’, ‘நம்பகமானது’, ‘புதுமையானது’ எனப் பெயரடைகளை அடுக்கிவிட்டு முடிந்துவிடும். எந்த நிறுவனமும் தன்னை நட்பற்றது என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை என்பதால் அவை எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. மெயில்சிம்ப் ஏட்டில் ஒவ்வொரு பண்புக்கும் ஓர் எல்லை இடப்பட்டிருந்தது: வேடிக்கை இருக்கலாம், அசட்டுத்தனம் கூடாது, தன்னம்பிக்கை இருக்கலாம், செருக்கு கூடாது. எழுதியவரும் திருத்துபவரும் முரண்படும்போது சுட்டிக்காட்டிப் பேசுவதற்கு இந்த இரண்டாம் பாதியே பயன்பட்டது.

அதைவிட முக்கியமானது ஏட்டின் அமைப்பு. வெற்றிச் செய்தி, பிழைச் செய்தி, விதிமீறல் அறிவிப்பு என ஒவ்வொரு வகைக்கும் ஒரு பக்கம் இருந்தது. படிப்பவர் அவ்வேளையில் என்ன நினைப்பார், என்ன உணர்வில் இருப்பார் என்பது முதலில் வரும். எழுத வேண்டிய முறை அதன் பின்னரே வரும். இறுதியில் ஒரு மாதிரி வாசகம். விதிமீறல் அறிவிப்பில் வேடிக்கைக்கு இடமில்லை, வியப்புக்குறிக்கும் இடமில்லை. ஃப்ரெடிக்கும் ஒரு வேலி போடப்பட்டிருந்தது: அது நகைச்சுவை சொல்லலாம், செயலியின் வழிமுறைகளையோ புள்ளிவிவரங்களையோ சொல்லக்கூடாது. 2015-இல் அந்நிறுவனம் தன் எழுத்துநடைக் கையேட்டைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவெளியில் வைத்தது. பிற நிறுவனங்கள் அதை எடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள வழி பிறந்தது.

மொழியியல் மாணவருக்கு இந்தப் பிரிப்பு புதிதன்று. 1964-இல் ஹாலிடே, மக்கின்டாஷ், ஸ்ட்ரெவன்ஸ் மூவரும் எழுதிய நூலில், பேசுபவரைப் பொறுத்து அமையும் மொழிவகை கிளைமொழி என்றும், பயன்படும் சூழலைப் பொறுத்து அமைவது ரெஜிஸ்டர் என்றும் பிரிக்கப்பட்டிருந்தன. குரல் முதலாவதை ஒத்தது, தொனி இரண்டாவதை ஒத்தது. வணிக எழுத்தாளர்கள் அந்நூலைப் படித்திருக்கத் தேவையில்லை. ஒரே சிக்கல் இரு துறைகளையும் ஒரே பிரிவினைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். ஆயினும் அவர்களது ஏட்டில் இல்லாத ஒன்றை மொழியியல் சுட்டுகிறது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவு ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு இலக்கணக் கூறுகளில் குடியிருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல்தேர்விலேயே முடிந்துவிடும் அந்த உறவு, இந்திய மொழிகளில் பிரதிப்பெயரிலும் வினைமுற்றிலும் வெளிப்பட்டே தீரும்.

ஆங்கிலத்தில் எழுதிய ஏடு இந்திய முகமைகளின் கைக்கு வரும்போது இந்த இடைவெளி வெளிப்படும். ஒரு பணப்பரிமாற்றச் செயலியின் ஏட்டில், நண்பரைப் போலப் பேசுக, எல்லை மீறற்க என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். பணம் கணக்கிலிருந்து கழிந்தும் பெறுநரைச் சேரவில்லை என்னும் செய்தி எழுதப்பட வேண்டும். இந்தி முகமை ‘தும்’ என்று எழுதலாம், ‘ஆப்’ என்றும் எழுதலாம். வங்கத்தில் ‘துமி’, ‘ஆப்னி’ என அதே தடுமாற்றம். ஆங்கில ஏடு இதற்கு விடை சொல்லாது, ஏனெனில் ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

தமிழில் ‘நீங்கள்’ என்பதில் ஐயமில்லை எனினும் மூன்று தீர்ப்புகள் எஞ்சி நிற்கின்றன. முதலாவது இரட்டை வழக்கு. நண்பரைப் போல என்பதைப் பேச்சு வழக்கு என்று பொருள்கொண்ட ஒருவர், ‘அச்சச்சோ, பணம் போகலையே’ என எழுதுவார். முறை தவறக்கூடாது என்று அஞ்சும் மற்றொருவர், ‘தங்களது பரிவர்த்தனை தோல்வியுற்றது’ என எழுதுவார். இருவரும் ஒரே ஏட்டைத்தான் பின்பற்றினர். இரண்டாவது ஏவல். ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்பது அரசு அறிவிப்புப் பலகையின் குரல். ‘மீண்டும் முயன்று பாருங்கள்’ என்பது எதிரே நிற்பவரின் குரல். மூன்றாவது, பெரும்பாலும் கண்ணில் படாதது: ஆங்கிலத்தின் ஒரே தன்மைப் பன்மைக்குத் தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு. ‘இதை நாம் சரிசெய்வோம்’ என்றால், பணத்தை இழந்து நிற்பவரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டியவராகிவிடுகிறார். பொறுப்பு நிறுவனத்துடையது என்று காட்ட ‘நாங்கள்’ வேண்டும்.

ஆகவே தமிழுக்கான ஏடு மொழிபெயர்ப்பாக இருக்க இயலாது. பேச்சு வழக்கு எங்கு அனுமதிக்கப்படும் (விளம்பரத்தில் ஆம், பணம் தொடர்பான செய்தியில் இல்லை), ஏவல் எந்த வடிவில் வரும், ‘நாம்’ எங்கு கூடாது ஆகியவற்றை அது தன் இலக்கணத்திலேயே சொல்ல வேண்டும். மேற்கண்ட செய்திக்கு அதன் மாதிரி வாசகம் இப்படி இருக்கலாம்: ‘பணம் சென்று சேரவில்லை. உங்கள் கணக்கிலிருந்து கழிந்த தொகை திரும்ப வந்துவிடும். வந்ததும் நாங்கள் செய்தி அனுப்புவோம்.’ இதில் நட்பைக் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. பணம் என்னவாயிற்று என்று முதல் வரியிலேயே சொல்லியிருப்பதுதான் அந்த நட்பு.

ஏடு வேலை செய்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே செய்தியை இரு முகமைகளிடம் தனித்தனியே எழுதச் சொல்லி, பெயரை நீக்கி, அருகருகே வைத்துப் பார்க்கலாம். சொற்கள் வேறுபட்டால் பழுதில்லை. வினைமுற்றும் பிரதிப்பெயரும் வேறுபட்டால், எழுதியவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஏட்டைத் திறந்து, அந்தக் கேள்விக்கு அதில் விடை இருந்ததா என்று பார்க்க வேண்டும்.