கவிழ்த்த அட்டையும் விட்டுப்போன படியும்

டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகிய மூவரும் 1990களில் உருவாக்கிய ‘கம்ப்யூட்டர் சயன்ஸ் அன்பிளக்டு’ பாடத்தொகுப்பில் வரிசையாக்கத்துக்கென ஒரு செயல்பாடு உண்டு. பார்வைக்கு ஒரேபோல் இருக்கும், எடை மட்டும் வேறுபடும் டப்பாக்களை ஒரு தராசின் உதவியால் எடை வரிசையில் அடுக்க வேண்டும். தராசில் ஒரு நேரத்தில் இரண்டைத்தான் ஒப்பிட முடியும். எல்லா வகுப்பறையிலும் தராசு கிடைக்காது. எனவே எண் எழுதிய அட்டைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இந்த மாற்றத்தில் பாடத்தின் உயிர்நாடியே நழுவிவிடுகிறது என்பதும், அதை ஒரு விதியால் மீட்டுவிடலாம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

34, 12, 51, 7, 45, 23 என்ற ஆறு அட்டைகளை மேசையில் பரப்பினால் மாணவர் நொடியில் அடுக்கிவிடுவார். எப்படிச் செய்தாய் என்று கேட்டால், “சின்னதை எடுத்து முதல்ல வெச்சேன், அப்புறம் அடுத்த சின்னதை” என்பார். பொய்யில்லை. ஆனால் 7தான் சிறியது என்று கண்டுபிடித்த வேலை அந்த வாக்கியத்தில் இல்லை. ஆறு எண்களையும் கண் ஒருசேரப் பார்த்துவிட்டது. கணினிக்கு அப்படிப்பட்ட பார்வை கிடையாது.

அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஒரு நேரத்தில் இரண்டை மட்டும் திருப்பலாம் என்பது பலர் வைக்கும் விதி. இது போதாது. திருப்பிய எண்கள் மாணவர் நினைவில் தங்கிவிடும். நான்காவது ஒப்பீட்டுக்குள் பாதி வரிசை மனத்தில் உருவாகிவிடும். அடுக்குபவர் எண்களையே பார்க்கக் கூடாது. அவர் இரண்டு அட்டைகளைச் சுட்டிக்காட்ட, நடுவராக இருக்கும் இன்னொரு மாணவர் அவற்றைத் தூக்கிப் பார்த்து எது பெரியது என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். இப்போது நடுவர்தான் தராசு.

படிகளை விவரிக்கும் பகுதிக்கும் இதே கண்டிப்பு தேவை. எழுதிய குறிப்பை ஆசிரியர் படித்துத் திருத்துவதால் பெரிய பயனில்லை; சொல்லாததையும் அவர் புரிந்துகொண்டு விடுவார். வேறொரு குழு அதை எழுத்துப் பிசகாமல் செய்துபார்க்கட்டும். “சிறியதை எடு” என்ற முதல் வரியிலேயே அவர்கள் நின்றுவிடுவார்கள். குறிப்பு இப்படி மாறும்: முதல் அட்டையை ‘இதுவரை சிறியது’ என்று வை, அடுத்ததோடு ஒப்பிடு, அது சிறியதானால் அதையே ‘இதுவரை சிறியது’ ஆக்கு, கடைசி அட்டை வரை இதைத் தொடர், முடிவில் கிடைத்ததை முதல் அட்டையோடு இடம் மாற்று. பிறகு “மறுபடியும் செய்” என்று வரும். எங்கிருந்து? முதல் அட்டையிலிருந்தே தொடங்கும் குழுவுக்கு 7 மீண்டும் மீண்டும் வந்து நிற்கும். அடுத்த சுற்று இரண்டாம் அட்டையிலிருந்து, அதற்கடுத்தது மூன்றாவதிலிருந்து, ஒவ்வொரு சுற்றிலும் இடமாற்றம் அது தொடங்கிய அட்டையோடு என்று எழுதும்போதுதான் தேர்ந்தெடுப்பு வரிசையாக்கம் முழுமையாகிறது.

நடுவரின் கோடுகள் இங்கே பேசத் தொடங்குகின்றன. இந்த முறையில் 5+4+3+2+1, ஆக 15 ஒப்பீடுகள். சீட்டாடுபவர் கைச்சீட்டை அடுக்குவதுபோல, ஒவ்வோர் அட்டையையும் அதற்கு முன் அடுக்கியவற்றோடு வலமிருந்து ஒப்பிட்டு உரிய இடத்தில் நுழைக்கும் செருகு முறைக்கு, இதே அட்டைகளில் 1, 1, 3, 2, 4 என மொத்தம் 11 போதும். செருகு முறைதான் சிறந்தது என்று வகுப்பு தீர்ப்பளிக்கும்.

அவசரம். அட்டையை நுழைக்கும்போது மற்றவை கையின் ஒரே தள்ளலில் நகர்ந்துவிடுகின்றன. கணினியின் அணியில் ஒவ்வொன்றையும் தனியாக நகர்த்த வேண்டும். மேசையில் ஆறு கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கு ஓர் அட்டை, ஒரு கையால் ஒரு நேரத்தில் ஓர் அட்டை என்று விதித்தால் இது வெளிப்படும். செருகு முறையில் 8 நகர்த்தல்கள், செருகவேண்டிய அட்டையை எடுத்து வைப்பது தனி. தேர்ந்தெடுப்பு முறையிலோ இடமாற்றங்கள் இரண்டே: 34க்கும் 7க்கும், 51க்கும் 23க்கும். ஒரே கையால் இடம் மாற்ற, அட்டையைத் தற்காலிகமாக வைக்க ஏழாவது கட்டமும் வேண்டியிருக்கும். நிரலில் வரும் தற்காலிக மாறியின் வேலை அதுதான்.

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது; அட்டைகள் எந்த நிலையில் தொடங்கின என்பதைப் பொறுத்தும்தான். ஏற்கெனவே வரிசையில் இருக்கும் ஆறு அட்டைகளுக்குச் செருகு முறை 5 ஒப்பீடுகளில் முடிகிறது, தேர்ந்தெடுப்பு முறை அப்போதும் 15 கேட்கிறது. தலைகீழாக வைத்தால் இரண்டுக்கும் 15. ஆகவே ஒரே அட்டைக்கட்டை வைத்து ஒப்பிடும் பாடம் தவறான முடிவைப் பதியவைக்கக்கூடும்.

இந்தச் செயல்பாட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. அட்டைகளை 12 ஆக்கினால் தேர்ந்தெடுப்பு முறையின் ஒப்பீடுகள் 66 ஆகின்றன. அட்டை இரட்டித்ததற்கு உழைப்பு நான்கு மடங்கைத் தாண்டுகிறது. அதை முழுதும் நடத்திக்காட்ட ஒரு பாடவேளையில் இடமிருக்காது. 3, 4, 5, 6 அட்டைகளுக்கு 3, 6, 10, 15 என்று மாணவர்களே எண்ணி, 12க்கானதைத் தாளில் கணக்கிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.